மீதியிலிருந்து முதலுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும், அதனுடன் நீ மடித்து வைத்திருந்த பேரனின் கணக்குத் தாளும் கிடைத்தன. விடைப் பக்கத்தில் 4,000 என்று இருக்க, உனக்கு 2,853-உம் சொச்சமும் வருகிறது என்றும், மூன்று முறை போட்டுப் பார்த்தும் எண் மாறவில்லை என்றும் எழுதியிருந்தாய். உன் கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையே இல்லை. அதனால்தான் மூன்று முறையும் அதே விடை வந்திருக்கிறது. பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது.

கணக்கை முதலில் நம் இருவர் கண்முன்னும் வைத்துக்கொள்வோம். ஒருவர் தம்மிடமிருந்த பணத்தில் கால் பங்கைச் செலவழித்தார். மீதியில் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு மேல் 200-ஐயும் செலவழித்தார். அதன் பிறகு மீந்ததில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவழித்தார். கடைசியில் கையில் 1,080 நின்றது என்றால், தொடக்கத்தில் இருந்தது எவ்வளவு?

கடைசிச் செலவு ஐந்தில் இரண்டு பங்கு என்பதால், நீ 1,080-இல் ஐந்தில் இரண்டு பங்கைக் கண்டு, அந்த 432-ஐ 1,080-உடன் கூட்டி 1,512 என்று எழுதியிருக்கிறாய். போனதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்ற உன் எண்ணம் சரிதான். ஆனால் அவர் செலவழித்தது 1,080-இல் ஐந்தில் இரண்டு பங்கு அல்லவே. செலவுக்கு முன் கையிலிருந்த, நமக்கு இன்னும் தெரியாத தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு. அந்தத் தொகையை ஐந்து கூறாகப் பிரித்து இரண்டு கூற்றை எடுத்துவிட்டார். நின்றவை மூன்று கூறு. ஆகவே 1,080 என்பது மூன்று கூறு, ஒரு கூறு 360, ஐந்து கூறு 1,800. போன தொகை 720. அது மீந்திருக்கும் 1,080-இல் மூன்றில் இரண்டு பங்கு ஆகும். முன்னிருந்து பார்க்கையில் ஐந்தில் இரண்டாக இருந்த செலவு, பின்னிருந்து பார்க்கையில் மூன்றில் இரண்டாகத் தெரிகிறது.

இதைப் பேரனுக்குச் சொல்லும்போது நம் மொழியின் பழைய சொற்களையே துணைக்கு வைத்துக்கொள். கால் போனால் நிற்பது முக்கால். முக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று கால்கள் இருக்கின்றன. ஆகவே போன காலைத் திரும்ப வைக்க, நிற்பதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும், நான்கில் ஒரு பங்கை அன்று. அதேபோல் மூன்றில் ஒன்று போயிருந்தால் நிற்பதில் பாதியைச் சேர்க்க வேண்டும்; பாதி போயிருந்தால் நிற்பதை அப்படியே இன்னொரு மடங்கு சேர்க்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று மட்டுமே சொன்னார்கள். எதை எதற்காகத் தலைகீழாக்குகிறோம் என்று தெரியாமலே பல நாள் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

இனி நடுப் படிக்கு வருவோம். இந்தக் கணக்கில் உண்மையான கண்ணி அங்கேதான் இருக்கிறது. அந்தச் செலவு முடிந்தபோது கையிலிருந்தது 1,800 என்று இப்போது நமக்குத் தெரியும். அவர் முதலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தார், பிறகு 200-ஐ எடுத்தார். ஆகவே திரும்பும்போது கடைசியாக எடுத்த 200-ஐத்தான் முதலில் வைக்க வேண்டும். அப்போது 2,000, அது மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே முழுத் தொகை 3,000. இந்த வரிசையை மாற்றி, 1,800-ஐ முதலில் ஒன்றரை மடங்காக்கி 2,700 என்று கண்டு, பிறகு 200-ஐக் கூட்டினால் 2,900-தான் வரும். குறைகிற அந்த 100 எங்கே போயிற்று என்று கேட்டால், 200-உம் அந்த மூன்றில் இரண்டு பங்கிற்குள் அடங்கியது என்பதுதான் பதில். பங்கைத் திரும்ப வைக்கும்போது அதுவும் ஒன்றரை மடங்காகி 300 ஆக வளர வேண்டியிருந்தது. நீ இந்த இடத்தில் வரிசையைச் சரியாகவே பிடித்திருக்கிறாய், அதைக் கண்டு மகிழ்ந்தேன்; பங்கைத் திரும்ப வைப்பதில்தான் இங்கும் முதல் படியிலும் அதே பிழை.

முதல் படியில் விளக்க அதிகமில்லை. 3,000 என்பது முக்கால், ஒரு கால் 1,000, முழுத் தொகை 4,000.

உன் விடையில் சொச்சம் வந்ததும் உனக்கு ஐயம் எழுந்தது நியாயமே. ஆனால் அந்த ஐயத்தை மட்டும் நம்பிவிடாதே. உன்னுடைய 1,512 முழு எண்ணாக இருந்தும் பிழையானது. மறுபுறம், 1150-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பாஸ்கராசாரியரின் லீலாவதி என்ற கணித நூலில் இதே வகைக் கணக்கு ஒன்று உண்டு. யாத்திரை சென்ற ஒருவர் பிரயாகையில் பாதியையும், மீதியில் ஒன்பதில் இரண்டு பங்கைக் காசியிலும், அதன் மீதியில் கால் பங்கை வழிச் சுங்கத்திற்கும், அதற்கும் மீதியில் பத்தில் ஆறு பங்கைக் கயையிலும் கொடுத்துவிட்டு, நிஷ்கம் என்ற பழைய நாணயம் 63-ஓடு திரும்புகிறார். தொடக்கத் தொகை 540 நிஷ்கம். அதில் சுங்கம் மட்டும் 52½ வருகிறது, கணக்கோ சரியானது. ஆகவே சோதிக்க ஒரே வழி, கண்ட விடையிலிருந்து முன்னோக்கிச் செலவழித்துப் பார்ப்பதுதான். 4,000-இல் 1,000 போக 3,000. அதில் 1,000-உம் 200-உம் போக 1,800. அதில் 720 போக 1,080. உன்னுடைய 1,512-ஐ அந்தக் கடைசிப் படியில் மட்டும் வைத்துப் பார்த்திருந்தாலே போதும். ஐந்தில் இரண்டு பங்கு போனால் 907-உம் சொச்சமும்தான் நிற்கும் என்று கண்டிருப்பாய்.

இன்னொன்று. பேரன் கணக்கை வேகமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவன். ‘மீதியில்’ என்ற சொல்லின் மீது அவனை விரல் வைத்துப் படிக்கச் சொல். மூன்று பங்குகளும் மொத்தத்தில் எடுக்கப்பட்டவை என்று கொண்டால், காலும் மூன்றில் ஒன்றும் ஐந்தில் இரண்டும் சேர்ந்து அறுபதில் ஐம்பத்தொன்பது பங்கு ஆகிவிடும். நிற்கும் ஒரே பங்கு 1,080-உம் 200-உம் சேர்ந்த 1,280. அதை அறுபதால் பெருக்கினால் தொடக்கத் தொகை 76,800. அதுவும் முழு எண்தான், முன்னோக்கிச் செலவழித்துப் பார்த்தாலும் பொருந்தும், ஆனால் அது வேறொரு கணக்கின் விடை. சோதனை நம் பெருக்கலைக் காட்டிக்கொடுக்கும். கேள்வியைத் தவறாகப் படித்ததைக் காட்டிக்கொடுக்காது.

அவனுக்கு நான் ஒரு கணக்கு அனுப்புகிறேன். ஒருவர் தம் பணத்தில் பாதியையும் மேலும் 50-ஐயும் செலவழித்தார். மீதியிலும் பாதியும் மேலும் 50-உம். அதன் மீதியிலும் அப்படியே. கையில் ஒன்றும் மீதியில்லை. ஒன்றுமில்லாததை எத்தனை மடங்காக்கினாலும் ஒன்றுமில்லைதானே என்று அவன் முதலில் சண்டைக்கு வருவான். அந்தக் கடைசி 50-ஐ அவனே கண்டுபிடிக்கும் வரை நீ வாயைத் திறக்காதே. விடையை நான் எழுதவில்லை. அவன் போட்ட தாளை, அடித்தல் திருத்தல்களோடு அப்படியே அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா