"இரவு 12 மணிக்கு மேல் எதுவும் கூடாது" என்று அச்சடித்துக் கொடுப்பவர்களுக்கு

டே கேர் ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், அங்கே பட்டியல் போடும் மயக்க மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் தியேட்டர் செவிலியர். பதினோரு வருடமாக இதே வேலை. இந்த மடலை எழுதுவது செவிலியராக மட்டும் இல்லை, போன மாதம் உங்களைப் போன்ற ஒரு மருத்துவமனையில் தொப்புள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 61 வயது அம்மாவின் மகளாகவும்தான். அன்று எனக்கு டியூட்டி, தம்பிதான் கூட்டிப் போனான். அம்மாவிடம் கொடுத்த சீட்டை நான் பார்த்ததே மறுநாள்தான்.

சீட்டில் பெரிய எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஆபரேஷனுக்கு முந்தின இரவு 12 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. வழக்கமான மாத்திரைகளைச் சிறிது தண்ணீருடன் போட்டுக்கொள்ளலாம். காலை 7 மணிக்கு வரவும்." அதற்கு ஒரு வாரம் முன்பு வேறு கவுண்டரில் ஒரு படிவம் நிரப்பினார்கள். சர்க்கரை நோய் உண்டா, ஆம். பிரஷர் உண்டா, ஆம். என்ன மாத்திரை என்று அதில் ஒரு வரி கூட இல்லை. படிவம் ஃபைலுக்குப் போனது, சீட்டு அம்மா கைக்கு வந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்பவர். இரவு எட்டரைக்கு இரண்டு தோசை. காலை ஆறு மணிக்கு "வழக்கமான மாத்திரை" எல்லாம் போட்டார். அதில் பிரஷர் மாத்திரையோடு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சர்க்கரை மாத்திரையும் இருந்தது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதைப் போட்டால் அடுத்து சாப்பாடு உள்ளே போக வேண்டும், அம்மாவுக்குப் போகவில்லை. 10.40க்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, தம்பியிடம் "கண்ணு இருட்டுதுடா" என்றிருக்கிறார். குளுக்கோமீட்டரில் 54. ஊசி போட மூன்று இடத்தில் குத்தினார்கள், தண்ணீர் இல்லாமல் நரம்பு சுருங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, சர்க்கரை ஏறிய பிறகு, மதியம் 2.15க்குத்தான் உள்ளே எடுத்தார்கள். சாப்பிட்டு கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம், தண்ணீர் குடித்து, மாத்திரைக்குக் குடித்த அந்த ஒரு மடக்கைத் தவிர, பதினான்கு மணி நேரம். வார்டில் இருந்தவர்கள் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் அந்தச் சீட்டின் மேல்.

பட்டினி எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயக்கத்தில் மூச்சுக்குழாயைக் காக்கும் இருமலும் விழுங்கலும் ஓய்ந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். 1946ல் மெண்டல்சன் என்ற மருத்துவர் பிரசவ நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதிய காலத்திலிருந்து இந்தப் பயம் நியாயமானது. ஆனால் தண்ணீர் வயிற்றில் தங்குவதில்லை, கொஞ்ச நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடும். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 1999லேயே எழுதிவிட்டது: தெளிந்த நீருக்கு 2 மணி நேரம், பாலுக்கும் லேசான உணவுக்கும் 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்ததும் கறியும் என்றால் 8 மணி நேரம் கூட ஆகலாம். உங்கள் மயக்க மருத்துவர்கள் எல்லோரும் இதைப் படித்தவர்கள்தான். சீட்டில் மட்டும் இன்னும் ஏறவில்லை.

ஏன் என்றும் எனக்குத் தெரியும். ஒருவர் வராவிட்டால் அடுத்தவரை முன்னால் இழுக்க வேண்டும், எல்லோரும் பட்டினியாக இருந்தால் பட்டியலை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். சரி, அந்த வசதியை விடாமலே செய்ய வழி இருக்கிறது. நோயாளியின் ஆபரேஷன் நேரத்தை விட்டுவிட்டு, அந்த வேளைப் பட்டியல் தொடங்கும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள். காலைப் பட்டியல் 8 மணிக்குத் தொடங்கினால், எல்லோருக்கும் இரவு 12 வரை லேசான சாப்பாடு, காலை 6 வரை தண்ணீர். மதியப் பட்டியல் 1 மணிக்கு என்றால் காலை 7 மணிக்குள் இரண்டு இட்லி, 11 மணி வரை தண்ணீர். யாரை முன்னால் எடுத்தாலும் இடிக்காது. 12 மணி என்பது காலைப் பட்டியலுக்கு, அதுவும் சாப்பாட்டுக்கு மட்டும் சரியான கணக்கு, அதை மதியம் வருபவருக்கும் தண்ணீருக்கும் சேர்த்து அச்சடித்ததுதான் தப்பு.

அப்புறம் வார்த்தை. பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர். வார்டில் இரண்டு முறை "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோதும் இல்லை என்றார். தியேட்டர் வாசலில் மூன்றாவது ஆள் "காபி, டீ ஏதாவது குடிச்சீங்களா?" என்றதும், "அஞ்சு மணிக்கு ஒரு காபி, அது எப்பவும் குடிக்கிறதுதானே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சாப்பாடு என்றால் சோறு, இட்லி. ஆனால் பால் வயிற்றில் திரிந்து கட்டியாகிவிடும், அதைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் வைக்க வேண்டும். அவரைக் கடைசிக்குத் தள்ளி, கடைசியில் நேரமில்லாமல் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். "தெளிந்த திரவம்" என்று சீட்டில் போட்டால் யாருக்கும் புரியாது. பெயர் சொல்லி எழுதுங்கள்: தண்ணீர், பால் சேர்க்காத காபி, டீ, வழுக்கை இல்லாத இளநீர், இவை சரி. பால், மோர், கஞ்சி, ஹார்லிக்ஸ், சக்கையோடு இருக்கும் பழச்சாறு, இவை சாப்பாடு. டம்ளரில் ஊற்றி அதன் வழியே செய்தித்தாளைப் படிக்க முடிந்தால் குடிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இந்த 2 மணி நேரக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது, படிவம் இருப்பதே அதற்காகத்தான். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறதா? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பி வாந்தி வருகிறதா? எடை குறையவோ சர்க்கரைக்கோ வாரம் ஒரு ஊசி போடுகிறீர்களா? செமாகுளூடைடு மாதிரி ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மயக்க மருத்துவர் அந்தப் படிவத்தைப் பார்த்து அவருக்குத் தனியாக நேரம் எழுத வேண்டும்.

மாத்திரைக்குப் பெயர் கேட்காதீர்கள், அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற வெள்ளை மாத்திரை" என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். அட்டையைப் பார்த்திருந்தால் கிளிமிபிரைடை அன்று காலை நிறுத்தியிருப்பீர்கள், சர்க்கரை நோயாளி என்று காலைப் பட்டியலில் முதல் ஆளாகவும் போட்டிருப்பீர்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் முந்தின நாள் சொல்வதே தாமதம். அதை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பட்டினியில் ரத்தத்தில் அமிலம் ஏறும், சர்க்கரையோ பெரிதாக ஏறாமல் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஒரு வாரம் முன்பு படிவம் நிரப்புகிறீர்களே, அன்றே இதைச் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது, படிவத்தைப் படித்த அதே ஆள் சீட்டையும் கையால் நிரப்ப வேண்டும் என்பதுதான். சாப்பாடு நிறுத்த வேண்டிய மணி, தண்ணீர் நிறுத்த வேண்டிய மணி, அன்று காலை போட வேண்டிய மாத்திரை, போடக் கூடாத மாத்திரை என்று நான்கு கோடு போதும். கீழே, படபடப்பாக வியர்த்தால் நேரம் பார்க்காமல் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்துவிட்டு உடனே கூப்பிட ஒரு எண், அந்த எண்ணை விடிகாலை ஐந்து மணிக்கும் எடுக்க ஒரு ஆள். அம்மாவின் சீட்டிலும் ஓர் எண் இருந்தது. தம்பி அழைத்துப் பார்த்தான், ஒன்பது மணிக்கு மேல்தான் எடுத்தார்கள்.