கப்பல் ஏறிய நாற்பது ஜமக்காளம்

பவானி,
தை மாதம்

அன்புள்ள கண்ணு,

"கரூர் குடோனுக்குப் போன பெட்டிகளை எதுக்குப்பா திரும்பத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று நீ போனில் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை கூப்பிட்டுவிட்டார். அதை எழுதியே சொல்லிவிடுகிறேன்.

நாற்பது ஜமக்காளம், நாலுக்கு ஆறடி. நானும் அம்மாவும் குழித்தறியில் இரண்டு மாதம் நெய்தோம். பெட்டிக்குப் பத்தாக நாலு பெட்டி. நீ இணையத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு வாங்கிக் கொடுத்தபோது பாதி வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஹாம்பர்க் கடைக்காரருக்கு எஃப்.ஓ.பி. விலை. தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையது, அதன் பிறகு அவருடையது. நம் சரக்கு அரை கன மீட்டர் கூட இல்லை. பத்துப் பேர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் போகவேண்டியதுதான். ஆனாலும் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் கணக்குப் போடுவார்களாம். அதைக் கேட்டு அம்மா ஒரு நாள் முழுக்கப் புலம்பினாள்.

ஐப்பசி அடைமழையில் ஏஜென்ட் அவசரப்படுத்தினார். ஒவ்வொன்றையும் பாலித்தீனில் சுற்றி ஒட்டி அனுப்பிவிட்டோம். மறுநாளே கப்பலில் இடமில்லை, அடுத்த வாரம்தான் என்று தகவல் வந்தது. அன்றைக்குத் திட்டினேன். இப்போது நினைத்தால் அந்த ஒரு வாரம்தான் நம்மைக் காப்பாற்றியது.

மாதிரிக்கு எடுத்துவைத்த ஒரு ஜமக்காளத்தை அம்மா சும்மா தராசில் வைத்தாள். 2 கிலோ 100 கிராம். மழை விட்ட ஒரு மத்தியானம் தகரக் கொட்டகைச் சூட்டில் உலர்த்தி மறுபடி வைத்தால் சரியாக 2 கிலோ. தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பஞ்சு நூல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், கைக்குத் தெரியாது. நூறு கிராம் என்றால் நாற்பதுக்கு நாலு கிலோ, அதாவது நாலு லிட்டர் தண்ணீரையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறோம். பாவுக்குப் போட்ட கஞ்சி வேறு நூலில் இருக்கிறது. ஈரமும் கஞ்சியும் காற்றில்லாத பாலித்தீனுக்குள் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்துதான். பிரித்தால் முதலில் மக்கிய வாடை வரும், அப்புறம் கறுப்புப் புள்ளி.

கப்பலில் ஏறிவிட்டால் நம் பொறுப்பு முடிந்ததே என்று ஏஜென்ட் சொன்னார். வழியில் நனைந்தால் அது சரி. ஆனால் நாம் உள்ளே வைத்து அனுப்பிய ஈரம் நம் குறைதானே? சரக்கிலேயே இருந்த ஈரத்தால் வரும் பூஞ்சைக்கு இன்சூரன்ஸும் பொதுவாகப் பணம் தராது. நல்லவேளை, பெட்டிகள் கரூரைத் தாண்டவில்லை. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் முடிந்திருந்தால் திரும்ப எடுப்பதற்கே தனியாக அனுமதி கேட்டு அலையவேண்டும். டெம்போ வாடகை போனாலும் போகட்டும் என்று கொண்டுவந்துவிட்டேன்.

நாற்பதையும் பிரித்து, உலர்த்தி, ஒவ்வொன்றாக எடை போட்டோம். 2 கிலோவுக்கு இறங்கியதை மட்டும் சூடு ஆறியதும் அன்றைக்கே கட்டினோம். ராத்திரி வெளியே விட்டால் மறுபடி ஈரம் குடித்துவிடும். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகிதம். பாலித்தீன் பெட்டிக்குள் ஒரே பெரிய உறையாக மட்டும், அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்.

கப்பல் கிளம்பி, சரக்கு ஏறியதற்குக் கப்பல்காரர்கள் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் நகலைப் பார்த்ததும் ஹாம்பர்க் கடைக்காரர் மீதிப் பணத்தை அனுப்பிவிட்டார். எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. பணத்தையும் வாங்கியாயிற்று, சரக்கு எப்படிப் போய்ச் சேருமோ என்று. கொழும்பில் கப்பல் மாறியது. செங்கடல் வழி ஆபத்து என்று ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் பத்துப் பதினைந்து நாள் கூடியது. நீ காட்டிக்கொடுத்த மாதிரி கன்டெய்னர் எண்ணை அடித்து அடித்துப் பார்த்து, போன் திரையே தேய்ந்திருக்கும்.

போன வாரம் படம் அனுப்பினார். மேலே இருந்த பெட்டியில் மட்டும் தண்ணீர் சொட்டிய தடம். குளிர்க் கடலுக்குப் போனதும் கன்டெய்னரின் இரும்புக் கூரை சில்லிட்டு, உள்ளே இருக்கும் ஆவி அதில் துளித்து மழையாகச் சொட்டுமாம். யார் சரக்கின் ஈரமோ! அட்டை ஊறியிருந்தாலும் உறைக்குள் எதுவும் ஆகவில்லை. வாடையும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

அடுத்து அறுபது கேட்கிறார். பங்குனிக்குள் கட்டி முடித்துத் தருகிறேன், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் அனுப்பமாட்டேன் என்று அவருக்கு இங்கிலீஷில் எழுதவேண்டும். அதை நீ எழுதிக்கொடு சாமி. அம்மா புதுத் தராசு ஒன்று கேட்கிறாள், கிராம் காட்டுகிறது.

அப்பா