பிரம்பை அழிக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நம் வகுப்புப் போட்டோவைப் பார்த்து நீ வரைந்த படம் வந்து பதினோரு நாளாகிறது. முன்னறையில் மாட்டியிருக்கிறேன். காலையில் காபியோடு அதன் எதிரே உட்கார்ந்தால் எட்டு மணி வரை எழுந்திருக்க மனம் வருவதில்லை. நன்றி, தம்பி.

முதலில் என் சேலையைத்தான் பார்த்தேன். அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் அரக்கும் அடர்பச்சையும் ஒரே சாம்பல்தான். 1987-லிருந்து அந்த நிறத்தை நீ மனசில் வைத்திருந்திருக்கிறாய். என் பிள்ளைகளுக்கே அந்தச் சேலை ஞாபகமில்லை.

அப்புறம்தான் மடியில் பிரம்பைப் பார்த்தேன்.

அன்றைக்கு என் கையில் பிரம்பு கிடையாது. போட்டோவை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். அது மடிப்பு. வீடு மாறும்போது மடங்கி, மேல்பூச்சு வெடித்து, உள்ளே தெரிந்த வெள்ளைத்தாளில் அழுக்கு ஏறிப் பழுப்பாகியிருக்கிறது. பிரம்பென்றால் என் முழங்காலோடு நின்றிருக்கும். இந்தக் கோடு தரையில் உட்கார்ந்த பையனின் தோளையும் தாண்டி அட்டை வரைக்கும் ஓடுகிறது. நான் போனில் எடுத்து அனுப்பியபோது கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டுவிட்டது. நீயும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்கியிருக்கிறாய். அப்படி வரையும்போது ஒரு கோடு எங்கே போய் முடிகிறது என்பது கண்ணில் படாது. சரி, உன் தப்பில்லை என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் நுனியில் நீல நூல் சுற்றியிருக்கிறாயே. மடிப்பில் நூல் ஏது? சேலையின் நிறம் எங்கிருந்து வந்ததோ, அதுவும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. பிரம்பின் நுனி பிளந்தபோது அதைச் சுற்றியது நான்தான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ ஒருவரை வரைந்திருந்தாய். யாரென்று இங்கே எழுத மாட்டேன், உன் வகுப்புக்காரர்கள் படிப்பார்கள். மூக்கு அச்சு அசல். அவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டச் சொன்னேன். நீ இடது கையை நீட்டினாய். திமிர் என்று நினைத்து, வலது கையை இழுத்துவைத்து இன்னும் இரண்டு சேர்த்து அடித்தேன். வரைகிற கையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாய். அது எனக்கு இந்தப் பதினோரு நாளில்தான் புரிந்தது.

அறுபத்துநாலு பிள்ளைகள், ஒரே அறை. நான் அடிக்காவிட்டால் அவர் அடித்திருப்பார், இன்னும் பலமாக. சாக்குத்தான். 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு வெகு முன்பே நான் பிரம்பை விட்டுவிட்டேன். உனக்குக் கலர் பென்சில் வாங்கித் தந்ததும் இதே கைதான். அதை ஏனப்பா வரையவில்லை? அது மட்டும் உனக்கு மறந்துபோயிற்றா?

மன்னித்துவிடு. அந்த இரண்டு அடிக்கும், இப்போது கேட்டதற்கும்.

எண்ணெய் வண்ணம் உள்ளே காய ஆறு மாசமாவது ஆகும், வார்னிஷ் அதற்கப்புறம்தான் என்று சொல்லியிருந்தாய். மாற்றவேண்டியதை அதற்குள் சொல்லிவிடு என்கிறாள் மகள். அழிக்காதே. வார்னிஷ் அடிக்க நீயே வா. காலை வெயில் இருக்கும்போதே வந்துவிடு, போட்டோவைச் சாய்த்து அந்த மடிப்பை உனக்குக் காட்டவேண்டும்.

உன் டீச்சர்