எல்லாருக்கும் தெரிந்த மாஸ்லோ: உனக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வரும் வெள்ளிக்கிழமையோடு ஆய்வேட்டைத் திருத்தித் தர உனக்குக் கொடுத்த ஆறு மாதம் முடிகிறது. குழு என்ன முடிவெடுத்தது, அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இதைத் தனியாக அனுப்பாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம், நீ கேட்ட அதே கேள்வியை ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். உன் பேரும் கல்லூரியும் இதில் வராது. உன்னைத் தெரிந்தவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சிலவற்றைத் தொடாமல் விடுகிறேன்.

இரண்டாம் அத்தியாயத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தோம். 23ஆம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் ‘எங்கிருந்து?’ என்று எழுதியிருந்தேன். நீ தாளைப் பார்க்கவில்லை. மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தபடி அந்தப் பத்தியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாய். “மனிதனின் தேவைகள் ஐந்து படிநிலைகளைக் கொண்டவை. கீழ்நிலைத் தேவை முழுமையாக நிறைவேறிய பின்னரே அடுத்த நிலைத் தேவை எழுகிறது.” முடித்துவிட்டுக் கேட்டாய்: “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்? இதுக்கு எதுக்குப் பேரு போடணும்?”

“விதி அப்படி” என்றேன். அது பதிலே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்க முடியாது. இரண்டையும் நீ ஒன்றாக எடுத்துக்கொண்டாய் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை நீ எழுதிய ஒவ்வொரு விடையையும் திருத்தியவர் கையிலும் உன் கையிலும் இருந்தது ஒரே புத்தகம். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வி, நோட்ஸில் அதற்கான விடை, விடைக்குறிப்பில் எந்தக் குறிப்புக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு. அங்கே ‘இது யார் சொன்னது’ என்று எழுதத் தேவையே இல்லை, ஏனென்றால் அது இருவருக்கும் தெரியும். உனக்கு இது திருட்டாகத் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. ஒப்பிப்பதுதான் நேர்மை என்று பன்னிரண்டு வருடம் உனக்கு மதிப்பெண் போட்டோம். ஆய்வேட்டை வாசிக்கிறவர் கையில் உன் புத்தகம் இல்லை. நீ வைத்திருந்தது எந்தப் புத்தகம், அந்தத் தேவைக் கோட்பாட்டை வகுத்த உளவியலாளர் மாஸ்லோவை அதில் யார் எப்படிச் சுருக்கினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நீ சொன்னால்தான் உண்டு.

ஒப்பிப்பது ஒன்றும் மட்டமான காரியம் இல்லை. தொல்காப்பியத்தின் முதல் நூற்பா உனக்கும் மனப்பாடமாக இருக்கும்: ‘எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்ப’. தமிழில் எழுத்து முப்பது என்பதைவிட எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அந்தக் காலத்தில் என்ன இருந்திருக்கும்? அதற்கும் தொல்காப்பியர் ‘என்ப’ என்கிறார். முன்னவர்கள் சொன்னது, நான் கண்டுபிடித்தது இல்லை என்று ஒரே சொல்லில் ஒதுக்கி வைக்கிறார். நூல் நெடுக ‘என்மனார் புலவர்’ வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒரு குறையும் உண்டு. அந்தப் புலவர் யார் என்று நமக்குத் தெரியவில்லை, இனித் தேடிப் போகவும் வழியில்லை. உன் ஆய்வேட்டில் பதினோரு இடத்தில் ‘அறிஞர்கள் கூறுகின்றனர்’ என்று இருந்தது. எண்ணித்தான் சொல்கிறேன். அந்தப் பதினோரு இடத்திலும் வாசகர் அதே முட்டுச் சந்தில்தான் நிற்கிறார்.

இனி அந்த 23ஆம் பக்கத்துக்கே வருகிறேன். ‘எங்கிருந்து?’ என்ற கேள்விக்குப் பதில் தேடிப் போயிருந்தால் நீ 1943க்குப் போயிருப்பாய். ஆபிரகாம் மாஸ்லோ அந்த வருடம் ‘சைக்கலாஜிக்கல் ரிவ்யூ’ இதழின் 50ஆம் தொகுதியில் எழுதிய கட்டுரைதான் மூலம். ஐந்து தேவைகளும் அதில் இருக்கின்றன. ஐந்தையும் படிப்படியாக அடுக்கி நீ வரைந்த முக்கோணம் அதில் இல்லை. 2019இல் பிரிட்ஜ்மன், கம்மிங்ஸ், பல்லார்ட் மூவரும் அந்த முக்கோணத்தின் தடத்தைத் தேடிப் போனபோது, சார்லஸ் மெக்டெர்மிட் என்ற உளவியல் ஆலோசகர் 1960இல் ஒரு வணிக இதழில் எழுதிய கட்டுரையில் போய் நின்றார்கள். மாஸ்லோவின் பேரைக்கூடப் போடாமல் நீ வரைந்த படம் மாஸ்லோவுடையதே இல்லை.

படத்தைவிடப் பெரிய சிக்கல் அந்த ‘முழுமையாக’ என்ற சொல். அதே கட்டுரையில் மாஸ்லோ, ஒரு தேவை நூற்றுக்கு நூறு தீர்ந்த பிறகுதான் அடுத்தது எழும் என்று வாசகர் தவறாக நினைத்துவிடக்கூடும் என்று சொல்லி, அதை மறுக்கிறார். உதாரணத்துக்காகத் தானே வைத்துக்கொண்ட எண்கள் என்று சொல்லிவிட்டுச் சில விழுக்காடுகளையும் தருகிறார்: சராசரி மனிதருக்கு உடல் தேவை 85, பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன்னிறைவு 10 என்ற அளவில் தீர்ந்திருக்கலாம். எல்லாமே ஒரே நேரத்தில், ஓரளவு தீர்ந்தும் ஓரளவு தீராமலும். நீ ஒப்பித்த வாக்கியம் இதற்கு நேர் எதிர். யாரோ ஒரு நோட்ஸ்காரர் சுருக்கும்போது ‘ஓரளவு’ உதிர்ந்து ‘முழுமையாக’ வந்து உட்கார்ந்துவிட்டது.

அதன்மேல்தான் நீ உன் வினாநிரலைக் கட்டினாய். பின்னலாடை நிறுவனத்தில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர்களிடம் கூலி, வேலைப் பாதுகாப்பு பற்றி மட்டும் கேட்டாய். மதிப்பு, மரியாதை பற்றிய கேள்விகளை நீக்கிவிட்டு, ‘கீழ்நிலைத் தேவைகள் நிறைவேறாத நிலையில் இவை எழா’ என்று காரணமும் எழுதினாய். கூலி குறைந்தவருக்கு மரியாதை தேவைப்படாது என்று உன் ஆய்வேடு சொல்கிறது, தம்பி. நீ அப்படி நினைக்கிறவன் இல்லை. யாருடையது என்று தெரியாத ஒரு வாக்கியம் உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. பேர் போடச் சொன்னது இதற்காகத்தான். பேர் போட வேண்டுமென்றால் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்திருந்தால் அந்தச் சொல் உன் கண்ணில் பட்டிருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டு பற்றிக் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் பொது அறிவுக்கு விலக்கு இருக்கிறதே என்று நீ அலுவலகத்தில் வாதாடினாயாம். இருக்கிறது. பொது அறிவு, தற்செயலாக ஒத்துப்போகும் சொற்கள் ஆகியவற்றில் தொடர்ச்சியாக 14 சொல் வரை ஒப்புமைக் கணக்கில் சேராது. அது மென்பொருள் எண்ணுகிற கணக்குக்கான விலக்கு. கருத்து யாருடையது என்று சொல்லும் பொறுப்பை அது எடுத்துவிடவில்லை. பத்து விழுக்காட்டுக்கு மேல் நாற்பது வரை ஒப்புமை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், உனக்கு நடந்தது அதுதான். உன் நண்பன் ஒருவன் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு நான்கு விழுக்காட்டுக்கு இறக்கிக் காட்டினான். ஆங்கில நோட்ஸைத் தமிழில் பெயர்த்து எழுதினால் எண் இன்னும் இறங்கும். எண் இறங்கியதால் அந்தக் கருத்து அவனுடையது ஆகிவிடாது. அவன் ஏட்டையும் திருப்பித்தான் அனுப்பினேன். நீ அதை எங்கும் சொல்லவில்லை. ‘மேடம் என்னைத் திருடன் என்றார்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அது வலித்தது, இன்னும் வலிக்கிறது.

சரி. எதற்குப் பேர் வேண்டாம், எதற்கு வேண்டும்? இந்தியா 1947இல் விடுதலை பெற்றது என்பதற்கு வேண்டாம். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், மறுப்பாரும் இல்லை. சமன்பாடு, சட்டப் பிரிவு, ஊர் எங்கே இருக்கிறது என்பதும் அப்படியே. ஒருவர் வகைப்படுத்தியது, ஒன்றால் மற்றொன்று நடக்கிறது என்று ஒருவர் வாதிட்டது, ஒருவர் அளந்தது, இந்த மூன்றுக்கும் வேண்டும், அது எத்தனை கோடிப் பேருக்குத் தெரிந்திருந்தாலும். தேவைகளை ஐந்தாகப் பிரித்தது இயற்கை இல்லை, ஒரு மனிதர். இன்னொருவர் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம், பிரித்தும் இருக்கிறார்கள்: ஆல்டர்ஃபர் என்ற உளவியலாளர் அதைத்தான் செய்தார். சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் முன்னால் ‘இல்லை,’ என்று போட்டுப் படித்துப் பார். படித்த ஒருவர் அப்படி மறுத்துப் பேச இடம் இருந்தால் அது ஒருவருடைய கருத்து.

எழுதும் முறை இப்படி: ‘மாஸ்லோ (1943) அடிப்படைத் தேவைகளை ஐந்தாக வகுத்தார். ஒரு தேவை முழுதும் தீர்ந்த பின்னரே அடுத்தது எழும் என்ற எண்ணத்தை அவரே மறுக்கிறார் (ப. 388).’ இப்படி எழுத அந்தப் பக்கத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் பாடநூலில் மட்டும் படித்திருந்தால், வாக்கியத்தில் மாஸ்லோவின் பேரைச் சொல்லி, இன்ன பாடநூலில் காட்டியபடி என்று சேர்த்து, கடைசிப் பட்டியலில் அந்தப் பாடநூலை மட்டும் போடு. பாடநூலின் பட்டியலிலிருந்து 1943 கட்டுரையை அப்படியே தூக்கி உன் பட்டியலில் வைக்காதே. உன் ஏட்டில் அப்படி ஆறு இருந்தன. ஒன்றில் பாடநூலின் அச்சுப்பிழைகூட அப்படியே வந்திருந்தது, அதனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

கடைசியாக 31ஆம் பக்கம். அன்று நேரம் இல்லாமல் இதைப் பேசவே இல்லை. நேரம் ஒதுக்காதது என் தவறு. அங்கே ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘மேற்பார்வையாளர் தங்களை எண் சொல்லி அழைக்காமல் பேர் சொல்லி அழைக்க வேண்டும் எனத் தொழிலாளர்கள் விரும்புவதாக அறிஞர்கள் கூறுகின்றனர்.’ எந்த அறிஞர் என்று தேடினேன். பின்னிணைப்பில் நீ கையால் எழுதிய நேர்காணல் குறிப்பில் இருந்தது. செக்கிங் பிரிவில் இரண்டு அக்காமார் உன்னிடம் சொன்னது. அந்த ஏட்டிலேயே உன்னுடையது என்று துணிந்து சொல்லக்கூடிய வாக்கியம் அது. மாஸ்லோவை யாருடையதும் இல்லை என்று விட்டுவிட்டு, இதைக் கொண்டுபோய் அறிஞர்களுக்குக் கொடுத்திருக்கிறாய்.

அந்த இடத்தில் ‘அறிஞர்கள் கூறுகின்றனர்’ என்பதை அடித்துவிடு. ‘இந்த ஆய்வின் நேர்காணல்களில் செக்கிங் பிரிவுத் தொழிலாளர் இருவர் கூறினர்’ என்று எழுது. அவர்கள் பேரைப் போடாதே, வேலைக்குச் சிக்கல் வரும். தேதியையும் நேர்காணல் எண்ணையும் போட்டால் போதும். நீக்கிய மரியாதைக் கேள்விகளை வைத்து மறுபடி களத்துக்குப் போக வெள்ளிக்குள் நேரம் இருக்காது. கேட்காமல் விட்டதை ஆய்வின் வரம்பு என்று ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதி, புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. இரவே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் ஆய்வுநெறியாளர்