புகார்: எங்கள் அப்பாவின் இறுதிச் சடங்கு நேரலையும், அதன் பதிவை நீங்கள் அழித்ததும்

வணக்கம்.

போன மாதம் 14ஆம் திகதி, பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நடந்த அப்பாவின் இறுதிச் சடங்கை நேரலையாகக் காட்டுவதற்கு உங்களிடம் 28,000 ரூபா கட்டினேன். பில் என் கையில் இருக்கிறது. போனில் நாலு தடவை பேசியும் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் வேறு பதில் சொன்னதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். பொறுமையாக முழுவதும் வாசியுங்கள்.

நேரலை எதற்காகக் கேட்டோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அப்பாவுக்கு ஒரே தம்பி. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பிரஜையாகி, 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நடக்க முடியாது. அண்ணன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று போனில் அழுதார். அவருக்காகத்தான் இந்த ஏற்பாடு. கொழும்பிலும் டுபாயிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். "எங்கள் சொந்தக்காரர் மட்டும் பார்த்தால் போதும், ஒரு எழுபது எண்பது பேர்" என்று முதல் நாள் இரவே சொன்னேன். "சரி அண்ணே, பார்த்துக்கொள்கிறோம்" என்றீர்கள்.

மறுநாள் காலையில் நீங்கள் அனுப்பிய லிங்க் யூடியூபில் உங்கள் நிறுவனத்தின் சேனலுக்குப் போனது. எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. யாருடைய சேனலில் நேரலை போகிறதோ அவர்தான் யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிறார், யாரை மொடரேட்டராக வைப்பது என்று தீர்மானிக்கிறார், முடிந்த பிறகு பதிவை வைப்பதா அழிப்பதா என்றும் அவரே தீர்மானிக்கிறார். நாங்கள் காசு கொடுத்தோம், எங்கள் அப்பா, எங்கள் வீடு, ஆனால் ஒரு பொத்தானும் எங்கள் கையில் இல்லை. புதுச் சேனல் ஒன்றை எங்கள் பெயரில் திறந்து செய்திருக்கலாமே என்று பிறகு கேட்டபோது, நேரலை வசதியை முதன்முதலாகத் திறக்க 24 மணி நேரம் வரை எடுக்கும் என்றீர்கள். அது உண்மைதான், செத்த வீட்டுக்கு அவ்வளவு நேரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் சேனலில் செய்வதென்றால், இது எங்கள் சேனல், முடிவுகள் எங்கள் கையில் இருக்கும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவே இல்லை.

நீங்கள் நேரலையை பப்ளிக்காகப் போட்டிருந்தீர்கள். பப்ளிக் என்றால் தேடினால் வரும், உங்கள் சேனலின் முதல் பக்கத்தில் நிற்கும், உங்களைப் பின்தொடர்கிற எல்லாருக்கும் அறிவிப்பும் போகலாம். பிரைவேட்டாகப் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் அதைப் பார்க்க ஒவ்வொருவரையும் மின்னஞ்சலில் அழைக்கவேண்டும், அவரும் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும், சித்தப்பாவுக்கு அதெல்லாம் நடக்காது. எங்களுக்குச் சரியானது நடுவில் உள்ள அன்லிஸ்டட். லிங்க் உள்ளவர் கணக்கே இல்லாமல் திறந்து பார்க்கலாம், தேடினால் வராது, சேனல் பக்கத்திலும் நிற்காது. லிங்க்கை யாராவது இன்னொருவருக்கு அனுப்பினால் அவரும் பார்க்கலாம் என்ற குறை அதில் இருக்கிறது. அந்தக் குறை எங்களுக்குப் பரவாயில்லை, எங்கள் குடும்ப வட்டத்துக்குள்தான் சுற்றியிருக்கும். அமைப்புப் பக்கத்தில் மூன்றில் ஒன்றைத் தொடுகிற வேலை அது. நீங்கள் தொடவில்லை.

அதனால் வந்தது என்ன? அம்மா பாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுத நேரம், பக்கத்து சாட்டில் முன்பின் தெரியாத ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். ஒருவன் சூதாட்ட லிங்க் போட்டான். இன்னொருவன் அம்மாவின் அழுகையைப் பற்றி எழுதியதை நான் இங்கே எழுதமாட்டேன். கொழும்பில் இருந்து தங்கச்சி மகன் அதைப் பார்த்துவிட்டு உங்கள் நம்பருக்கு எடுத்தான். மொடரேட்டர் யார் என்று கேட்டதற்கு, "கேமரா தம்பிதான்" என்றார்களாம். அந்தத் தம்பி அந்த நேரம் ஒரு கையில் கேமராவும் மறுகையில் குடையுமாக வாசலில் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. படம் பிடிக்கிற ஆளால் சாட் பார்க்க முடியாது.

மொடரேட்டரால் என்ன முடியும் என்பதை தங்கச்சி மகன் பிறகு எனக்கு விளக்கினான். பெயருக்குப் பக்கத்தில் சிறிய நீல ஸ்பேனர் அடையாளம் இருக்கும். மோசமான செய்தியை நீக்கலாம், எழுதியவனைக் கொஞ்ச நேரம் எழுதவிடாமல் நிறுத்தலாம், சேனலில் இருந்தே மறைத்துவிடலாம். மறைத்தால் அவன் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது, அவனுக்கு அது தெரியவும் வராது, அதனால் சண்டையும் பெருக்காது. ஆனால் வீடியோவை நிறுத்தவோ, பப்ளிக்கை அன்லிஸ்டட் ஆக்கவோ மொடரேட்டரால் முடியாது, அது சேனல்காரர் வேலை. முதல் நாளே கேட்டிருந்தால் தங்கச்சி மகனின் சேனல் லிங்க்கைத் தந்திருப்போம், நீங்கள் அவனை மொடரேட்டராகச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். அவனுக்கு எங்கள் சொந்தக்காரர் யார், வெளியாள் யார் என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் சாட்டையே மூடியிருக்கலாம். இறுதிச் சடங்குக்கு சாட் எதற்கு?

இனி எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். லயத்தில் இருந்து ஊர்வலம் கிளம்பி, தப்புச் சத்தத்தோடு தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி மேட்டில் ஏறியதும் சிக்னல் போய்விட்டது. மலையில் அப்படித்தான், ஒரு வளைவில் நாலு கோடு நிற்கும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. நீங்கள் ஒரே ஒரு சிம்மோடு வந்திருந்தீர்கள். வேறு கம்பெனி சிம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, காலையில் புதைகுழி வரை ஒரு நடை நடந்து பார்த்திருந்தால், எங்கே அறுந்துபோகும் என்று தெரிந்திருக்கும். இருபது நிமிட நடை.

சரி, அறுந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் படம் வருவது நின்றால் நேரலை தானாக முடிந்துவிடும்படி ஒரு அமைப்பு இருக்கிறது, நீங்கள் அதைத் திறந்தே வைத்திருந்தீர்கள். அது மூடியிருந்திருந்தால் சிக்னல் திரும்பியதும் அதே லிங்க்கில் படம் தொடர்ந்திருக்கும். திறந்திருந்ததால் முதல் நேரலை அத்தோடு முடிந்தது, தம்பி புதிதாக இன்னொன்றைத் தொடங்கினார், அதற்கு வேறு லிங்க். அந்த லிங்க்கை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. நாங்கள் குழி மேட்டில் நிற்கிறோம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கோத்தகிரியில் சித்தப்பா முடிந்துபோன பழைய லிங்க்கின் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாராம். மருமகள் "முடிஞ்சிருச்சு மாமா" என்று சொல்லியும், "இன்னும் மண் போடலையே, வரும்" என்றாராம். அண்ணனுக்கு மண் போட்டதை அவர் பார்க்கவில்லை.

அதனால்தான் பதிவு எங்களுக்கு இவ்வளவு முக்கியம். நேரலை முடிந்தவுடன் யூடியூப் அதைச் சேனலில் வீடியோவாக வைத்துவிடும், 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலை என்றால் தானாகவே பதிவாகும். எங்களுடையது இரண்டு துண்டாக, பப்ளிக்காகவே, அந்த சாட்டோடு சேர்த்து உங்கள் பக்கத்தில் 11 நாள் நின்றது. திரும்பப் போட்டுப் பார்க்கிறவனுக்கு சாட்டும் அதே நேரத்தில் ஓடும், அம்மா அழுகிற இடத்தில் அந்த வார்த்தைகளும் வரும். அதற்குள் 3,700 தடவை பார்த்திருக்கிறார்கள். நாற்பது செக்கன் துண்டொன்றை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் விட, அது எங்கள் தோட்டத்துக்கே சுற்றிவந்தது. அதை இனி உங்களாலும் எடுக்க முடியாது, என்னாலும் முடியாது.

நான் 25ஆம் திகதி போன் பண்ணிக் கேட்டது, "பப்ளிக்கில் இருந்து எடுங்கள், பிரதியை எங்களுக்குத் தாருங்கள்" என்பதுதான். அமைப்பை பிரைவேட் என்று மாற்றினால் அன்றைக்கே யாரும் பார்க்கமுடியாமல் போயிருக்கும், வீடியோவும் பத்திரமாக இருந்திருக்கும், சேனல்காரர் என்ற வகையில் நீங்கள் அதைத் தரவிறக்கியும் தந்திருக்கலாம், தரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நீங்கள் இரண்டையும் மொத்தமாக அழித்துவிட்டு "எடுத்தாச்சு அண்ணே" என்றீர்கள். அழித்த வீடியோவை யூடியூபில் நீங்கள் திரும்ப எடுக்கமுடியாது. எடுக்கச் சொன்னதற்கும் அழிக்கச் சொன்னதற்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடம் அந்தப் பொத்தான் இருந்திருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு வழி இருக்கிறது. யூடியூபில் இருந்த பதிவு, சிக்னலில் போய்ச் சேர்ந்த படம் மட்டுந்தான், மேட்டில் அறுந்த நிமிடங்கள் அதில் இருந்திருக்காது. கேமராவின் மெமரி கார்டில் அப்படி இல்லை. அதில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது என்று தம்பி என்னிடம் சொன்னார், கேமராத் திரையில் சிவப்புப் புள்ளி இருந்ததை நானும் பார்த்தேன். அது உண்மை என்றால் ஊர்வலம் முழுவதும், சித்தப்பா பார்க்காத அந்த மண்ணும், அதில் இருக்கும். உங்கள் கடையில் கேட்டால் "கார்டைப் பார்க்கவேண்டும், அடுத்த கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்" என்கிறார்கள்.

ஆகவே முதலில் அந்த கார்டைக் கேமராவில் இருந்து கழற்றி வையுங்கள், இன்றைக்கே. ஃபார்மட் பண்ணியிருந்தாலும் அதன்மேல் வேறு பதிவு ஏறாமல் இருந்தால் கோப்புகளை மீட்க வாய்ப்பு இருக்கிறது, புதிதாக ஒவ்வொரு கல்யாணம் ஏறும்போதும் அந்த வாய்ப்பு குறைகிறது. கார்டில் உள்ளதை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், அப்படியே ஒரு பென் டிரைவில் தாருங்கள். மீட்கும் செலவு உங்களுடையது. உங்கள் கணினியிலோ வேறு பக்கங்களிலோ எங்கள் வீட்டுப் படம், முகப்புப் படம் உட்பட, எது இருந்தாலும் பிரதியை எங்களிடம் தந்த பிறகு நீக்கி, நீக்கியதாக எழுத்தில் தாருங்கள். 28,000 ரூபாவில் பாதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கேட்கிறேன், ஆனால் கார்டு கிடைத்தால் அந்தக் காசைப் பற்றி நான் பிறகு பேசிக்கொள்வேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் பில்லோடு இந்தக் கடிதத்தையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அனுப்புவேன். கார்டை வாங்க ஹட்டனுக்கு வரச் சொன்னால் எந்த நேரமும் நானே வருகிறேன். சித்தப்பா நேற்று இரவும் போன் பண்ணி, "வந்திருச்சாப்பா?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
மூத்த மகன்
பொகவந்தலாவை