சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

தட்டுவடையும் பூண்டு ஊறுகாயும் நேற்றுப் பார்சலில் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றார்கள். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடியில் தண்ணீர் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டோம். வீட்டுச் செய்தி இவ்வளவுதான் கண்ணு.

புதன்கிழமை போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. முதல் சுற்று இன்டர்வியூவில் “நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டதாகவும், “அப்படி எதுவும் நடந்ததில்லை” என்று நீ பதில் சொன்னதாகவும் சொன்னாய். “அப்புறம் என்ன சொன்னாய்?” என்று நான் கேட்பதற்குள், குக்கர் விசில் வருகிறது என்று வைத்துவிட்டாய். கோயமுத்தூர் வேலையை ஏன் விட்டாய் என்று நான் இப்போதும் கேட்கவில்லை. வைகாசியிலிருந்து கேட்கவில்லை. வியாழக்கிழமை இரண்டாவது சுற்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நர்சிங் சூப்பரின்டென்டன்டாக இருந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வருடம் வார்டில் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் “தவறே செய்ததில்லை” என்றால் எங்களுக்கு இரண்டே அர்த்தம்தான் தோன்றும். செய்தது அவளுக்கே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டாள். இரண்டில் எதுவாக இருந்தாலும் ராத்திரி டியூட்டியில் தனியாக விட பயமாக இருக்கும். இவ்வளவு படித்து, கோல்டு மெடல் வாங்கி, இந்த ஒரு பதிலை இப்படிச் சொல்லலாமா? “அதிகமாக உழைப்பதுதான் என் குறை” என்று சொல்லாமல் விட்டாயே, அதுவரை சந்தோஷம்.

அந்தக் கேள்விக்கு நாங்கள் எதைக் கவனிப்போம் தெரியுமா? தவறு பெரிதா சிறிதா என்பதை அல்ல. தெரிந்த நிமிடத்தில் முதலில் எங்கே போனாள் என்பதை. நோயாளியிடம் போனாளா, கேஸ் ஷீட்டிடம் போனாளா? நோயாளியைப் பார்த்து, ஷுகரோ பிரஷரோ எடுத்து, டாக்டருக்குச் சொல்லி, அவர் சொன்னதைச் செய்து, அப்புறம் எழுதியிருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் என்ன கொடுத்தேன், எத்தனை மணிக்கு, நோயாளி எப்படி இருந்தார், யாருக்குச் சொன்னேன் என்று நடந்ததை மட்டும் எழுத வேண்டும். யார் மேல் குற்றம் என்பதற்கு அங்கே இடமில்லை. இன்சிடென்ட் ரிப்போர்ட் தனித் தாள். முன்பு எழுதியது தப்பாக இருந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, படிக்கத் தெரியும்படி விட்டு, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து. ஒயிட்னர் கூடாது, பின்தேதியும் கூடாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் அங்கே சொல்லவில்லை.

வியாழக்கிழமை அனேகமாக இன்னொன்றும் கேட்பார்கள்: “கூட வேலை பார்ப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே டி.பி.ஆர். சார்ட்டை நிரப்புகிறார், எல்லோருக்கும் ஒரே மாதிரி 98.4, பல்ஸ் 80, பிரஷர் 120/80. என்ன செய்வீர்கள்?” பாதிப் பேர் “உடனே மேனேஜ்மென்டில் புகார் செய்வேன்” என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் 14-ஆம் பெட்டுக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்கும் நேரம் வந்திருக்கும். எழுதியிருக்கும் பிரஷர் பொய்யென்றால் அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்பதே தெரியாது. அதனால் முதலில் நீ போய் அளக்க வேண்டும். உன் அளவை உன் கையெழுத்தில், அளந்த நேரத்தோடு எழுத வேண்டும். அவள் எழுதியதைத் தொடாதே. அப்புறம் அவளிடமே தனியாகக் கேள். 30 நோயாளிக்கு இரண்டு பேர் என்பதால் அப்படிச் செய்தாளென்றால், ஆள் போதவில்லை என்று இன்சார்ஜிடம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லலாம். வழக்கமாகவே செய்கிறாளென்றால் நீ கண்ணால் பார்த்ததை மட்டும், எந்த நாள், எந்த பெட் என்று இன்சார்ஜிடம் சொல். கேள்விப்பட்டதைச் சேர்க்காதே.

இதைவிடக் கஷ்டமானது அடுத்த கேள்வி. “தவறு உங்களுடையது, சீனியர் எழுத வேண்டாம் என்கிறார். என்ன செய்வீர்கள்?”

இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று நாளாக எழுத முடியவில்லை. வேறொன்றைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

உனக்கு நாகலூர் அக்காவை ஞாபகம் இருக்கும். ஏற்காட்டு பஸ்ஸில் வந்து போவாளே, உனக்கு மலை ஆரஞ்சு கொண்டுவருவாளே. அவள் ஏன் வருவதில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றேன். அது பொய்.

2001-இல் நான் மெடிக்கல் வார்டில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியும், எழுத வேண்டாம். ஒரு பெரியவருக்கு வேளைக்கு 20 யூனிட் ப்ளெயின் இன்சுலின், சாப்பாட்டுக்கு முன். எங்களிடம் இருந்தது 40 யூனிட் குப்பி, அதாவது ஒரு மில்லிக்கு 40. அதற்கு சிவப்பு மூடி ஊசி. அது தீர்ந்து, ஸ்டோரிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசி வந்திருந்தது. அது ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று கோடு போட்டது, 100 யூனிட் இன்சுலினுக்கானது. நான் அதைக் கவனிக்கவில்லை. 20-ஆம் கோடு வரை இழுத்தேன். அது 0.2 மில்லி. அந்தக் குப்பியில் அது 8 யூனிட்தான். பெரியவருக்கு 20-க்குப் பதில் 8 போய்க்கொண்டிருந்தது. நான் மட்டுமில்லை, மூன்று ஷிப்டும் அப்படியே கொடுத்தோம்.

ஷுகர் இறங்கவில்லை. டாக்டர் 26 ஆக்கினார், இறங்கவில்லை. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் 30 ஆக்கினார். அவர் மேல் தப்பில்லை, சார்ட்டில் 20-உம் 26-உம் கொடுத்ததாகத்தானே எழுதியிருக்கிறது. மத்தியானம் 30 கொடுத்துவிட்டு மூடியைப் போடும்போதுதான் பார்த்தேன். ஆரஞ்சு. கை சில்லிட்டுப் போனது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. “ஷுகர் கொஞ்சம் ஏறியதுதானே, ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு மூடிக்கு இண்டென்ட் போட்டாயிற்று, சாயங்காலம் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். எழுதினால் மூன்று ஷிப்டுக்கும் மெமோ வரும்” என்றார். நீ சின்னக் குழந்தை, அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை. சரி என்று வந்துவிட்டேன்.

செல்வி, அந்த “எல்லாம் சரியாகிவிடும்” என்பதில்தான் விஷம் இருந்தது. சாயங்காலம் சரியான ஊசி வந்தது. நாகலூர் அக்கா டியூட்டிக்கு வந்தாள். சிவப்பு மூடியில், 30 என்று எழுதியிருந்ததை 30 ஆகவே கொடுத்தாள். ஒரு தப்பும் செய்யவில்லை. மத்தியானம் அவர் உடம்பில் போனது 12 யூனிட். ராத்திரி போனது 30. இரண்டரை மடங்கு. பத்து மணிக்குப் பெரியவர் வேர்த்து, உளற ஆரம்பித்தார். ஷுகர் 38. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி மீட்டார்கள். ஒரு கால் மணி நேரம் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத நாளில்லை.

கோட்டைத் தப்பாகப் பார்த்து அதிகம் ஏற்றிவிட்டாள் என்று அவளுக்கு மெமோ வந்தது. அவள் அழுதுகொண்டே “அக்கா, 30-தான் ஏற்றினேன், நீங்களாவது சொல்லுங்கள்” என்றாள். நான் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அவள் நின்றுவிட்டாள்.

மத்தியானம் டாக்டரை ஒரு நிமிடம் கூப்பிட்டு “இதுவரை போனது 8-தான், 20 இல்லை” என்று சொல்லியிருந்தால், அவர் டோஸை 20-க்கு இறக்கியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். தவறை மறைத்தால் அது அங்கேயே நிற்காது, அடுத்தவர் அதன் மேல் கணக்குப் போடுவார். அதனால் சீனியர் வேண்டாம் என்றால் நீ சொல்ல வேண்டிய பதில் இதுதான்: “சிஸ்டர், டாக்டர் அடுத்த டோஸை இந்தச் சார்ட்டைப் பார்த்துத்தான் எழுதுவார், அவருக்கு இப்போதே சொல்ல வேண்டும். நீங்களும் கூட வாருங்கள்.” அவர் வரவில்லை என்றாலும் நீ டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தை எழுத வேண்டும். இன்டர்வியூவில் இதைச் சொல்லும்போது சீனியரைக் கெட்டவராக்காதே. என் இன்சார்ஜ் கெட்டவர் இல்லை, எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

உன் தவறு ஒன்றைச் சொல். நோயாளி பெயர், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய், முதலில் எங்கே போனாய், அப்புறம் வார்டில் என்ன மாற்றினீர்கள். “இனிமேல் கவனமாக இருப்பேன்” என்பது மாற்றம் இல்லை. குப்பியும் அதற்கான ஊசியும் ஒரே டிரேயில் வைக்க ஆரம்பித்தோம், மற்ற ஊசியை வார்டை விட்டே அனுப்பினோம் என்பது மாற்றம். அதை நான் செய்தேன், சூப்பரின்டென்டன்ட் ஆன முதல் மாதமே. ஆனால் ஏன் செய்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். “இங்கே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினால், எழுதியவருக்கு அடுத்து என்ன நடக்கும்?” என்று கேள். ரிப்போர்ட் எழுதியவளுக்கே சம்பளத்தில் பிடிக்கிற இடங்களும் உண்டு. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், சம்பளம் எவ்வளவு என்றாலும் யோசி. போன மாதம் எழுதினதில் இதை மாற்றினோம் என்று டக்கென்று ஒன்றைச் சொன்னால் சேர்ந்துகொள்.

கோயமுத்தூரில் சொல்லாமல் விட்ட ஏதாவது இருந்தால், அதை இன்டர்வியூவில் கதையாக்காதே. முதலில் அந்த வார்டுக்கு, அந்த டாக்டருக்குச் சொல்லிவிடு. இல்லாமல் இருந்தால் அம்மா ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிடு. நான் கேட்கவில்லை. யாராவது உன் இடத்தில் மெமோ வாங்கியிருக்கிறார்களா என்று மட்டும் யோசித்துப் பார்.

அப்பாவுக்கு நாகலூர் அக்கா விஷயம் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, நாளைக் காலை நானே சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை முடிந்ததும் போன் செய். போன் என் மடியிலேயே இருக்கும்.

அம்மா