பெரிய விருந்துக்குப் பதிவு செய்ய அழைக்கும்போது நாங்கள் கேட்கும் கேள்விகள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாடி ஹாலில் வளைகாப்பு, பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களுக்கு 20 இலைக்கு மேல் பதிவு செய்ய அழைப்பவர்களிடம், தொலைபேசியை எடுக்கும் ஊழியர் யாராக இருந்தாலும், எழுதி வைத்த கேள்விகளை ஒரே வரிசையில் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். “ஹால் காலியா, இலை என்ன விலை?” என்ற இரண்டு கேள்விகளோடு அழைப்பவர்களுக்குப் பத்து நிமிடப் பேச்சு சற்று நீளமாகத் தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கும் ஒரு வளைகாப்பை எடுத்துக்காட்டாக வைத்து, எதைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம் என்பதை இம்மடலில் விளக்குகிறோம். அழைப்பதற்கு முன் வீட்டில் ஒரு முறை பேசி முடிவு செய்துகொள்ள இது உதவும்.

ஊழியர் வணக்கம் சொல்லி, தேதியையும் விசேஷத்தையும் கேட்ட பிறகு, “மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்கமாட்டார். “இலையில் உட்காரும் பெரியவர்கள் எத்தனை பேர்? 5 முதல் 10 வயது வரை எத்தனை பிள்ளைகள்? அதற்கும் சின்னக் குழந்தைகள் எத்தனை பேர்?” என்று பிரித்துத்தான் கேட்பார். எழுபது பேர் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் மடியில் உட்காரும் குழந்தைகளும் சேர்ந்திருப்பது வழக்கம். நம் எடுத்துக்காட்டில் அந்த எழுபது, 54 பெரியவர்கள், அரை இலைக்கு 10 பிள்ளைகள், இலை தேவைப்படாத 6 குழந்தைகள் என்று பிரிகிறது. ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும் என்று கணக்கிட்டு உலை வைக்கும் சமையற்காரருக்கு இந்தப் பிரிவு தெரியாவிட்டால், ஒன்று சாதம் மிஞ்சும், அல்லது கடைசி வரிசையில் இருப்பவர்கள் காத்திருக்க நேரிடும்.

நேரத்தைப் பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. “எத்தனை மணிக்கு வருவீர்கள்?” என்று கேட்டால் பத்திரிகையில் அச்சடித்த நேரத்தையே எல்லோரும் சொல்கிறார்கள், அந்த நேரத்துக்கு வீட்டுக்காரர்கள்கூட முழுமையாக வந்து சேர்ந்திருப்பதில்லை. ஆகவே எங்கள் ஊழியர் மூன்று நேரங்களைத் தனித்தனியே கேட்பார். “உங்கள் வீட்டார் சாமான்களோடு எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள்? சடங்குக்கு நல்ல நேரம் எது வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள்? முதல் பந்திக்கு எத்தனை மணிக்கு இலை போடலாம்?” ஞாயிற்றுக்கிழமை பகல் 12 முதல் 1.30 வரை எமகண்டம் என்பதால், வளையல் அடுக்குவதை 12 மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியானால் 12.15-க்கு இலை போடலாம். வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, ஆரத்தி எடுக்க ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும் என்பதால், வீட்டார் 10 மணிக்கும் உறவினர்கள் 10.30-க்கும் வந்து சேர்வது பொருத்தமாக இருக்கும். பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்பே எங்களை அழைப்பவர்களிடம், விருந்தினர்களுக்கான நேரத்தை அரை மணி முன்னதாகவே போடும்படி ஊழியர் சொல்வார். உறவினர்களின் வழக்கத்தை எங்களைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

இலை போடும் நேரத்தை இவ்வளவு வற்புறுத்திக் கேட்பதற்குச் சமையலறையில் காரணம் இருக்கிறது. சாம்பாரும் ரசமும் அரை மணி காத்திருந்தால் கெட்டுப்போவதில்லை. வடை அப்படியல்ல, இலை போடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்புதான் அதை எண்ணெயில் போடுகிறோம், ஏனென்றால் ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறினால் ஓரம் விறைத்து, நடுவில் எண்ணெய் இறங்கியிருக்கும். வளைகாப்புக்குரிய கலவை சாதங்களில் புளியோதரையைப் பற்றிக் கவலை இல்லை. தேங்காய் சாதமும் தயிர் சாதமும்தான் திருச்சி வெயிலில் சீக்கிரம் வீணாகும். தயிர் சாதத்தைப் பெரும்பாலும் பாலில் பிசைந்து, உறைக்கு மட்டும் கொஞ்சம் தயிர் விட்டு வைப்பதால் அது பந்தி நேரத்துக்குப் பதமாக வந்து நிற்கும். ஆனால் அந்தப் பதமும் நீங்கள் சொன்ன நேரத்தைக் கணக்கிட்டு வைத்ததுதான். ஹாலில் ஒரு பந்திக்கு 40 பேர் உட்காரலாம். ஒரு பந்தி முடிய முக்கால் மணி நேரமும், இலை எடுத்து மேசை துடைக்கப் பத்து நிமிடமும் ஆகும் என்பதால், 12.15-க்குத் தொடங்கினால் இரண்டாம் பந்திக்கு 1.10-க்கு இலை விழும். அதற்குரிய சாதத்தை அப்போதுதான் வடித்து இறக்குவோம். தாமதமாகும் என்று தெரிந்த உடனே ஒரு வார்த்தை அழைத்துச் சொன்னால், அரை மணி நேரம் வரை அடுப்பைத் தள்ளிப்போட முடியும்.

உணவைத் தேர்ந்தெடுக்கும்போது, எங்கள் அட்டையில் உள்ள எல்லாவற்றையும் தொலைபேசியில் வாசித்துக்காட்டுவதில்லை. அன்றைய விசேஷத்துக்குப் பொருந்தும் மூன்று சாப்பாட்டு வரிசைகளை மட்டும் ஊழியர் சொல்வார். அவற்றில் ஒரு பொரியலையோ இனிப்பையோ அதே விலையில் மாற்றிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பதிலாக டிபன் கேட்டு, “எல்லோருக்கும் ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் வேண்டும்” என்பவர்களுக்கு மட்டும் நாங்கள் சற்று தயக்கத்தோடுதான் பதில் சொல்கிறோம். எங்கள் கல்லில் ஒரு நேரத்தில் நான்கு ரோஸ்ட் வார்க்கலாம், அவை முறுகி வர மூன்று நிமிடம் ஆகும், ஆகவே அறுபது பேருக்கு வார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். முதல் ரோஸ்ட் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வந்த பிறகும் கடைசி ஆளின் இலை காலியாக இருக்கும். இட்லி, வடை, பொங்கலை முன்னால் பரிமாறிவிட்டு ரோஸ்ட்டை வந்த வரிசையில் கொடுக்கலாம் என்று ஊழியர் மாற்றுவழி சொன்னால், அது விலையை உயர்த்தும் தந்திரம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

“சேர்க்கக் கூடாதது ஏதாவது உண்டா?” என்ற கேள்வியை ஊழியர் தவறாமல் கேட்பார். வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் எத்தனை பேர், நிலக்கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருக்கிறார்களா என்பதை அந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்; புளியோதரையில் நிலக்கடலையும் கேசரியில் முந்திரியும் இருக்கும். வளைகாப்பு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: இனிப்பு வரிசையில் அன்னாசிக் கேசரி இருப்பதால், கர்ப்பிணிக்கு அன்னாசி ஆகாது என்று வீட்டில் கருதினால் அதை ரவா கேசரியாகவோ சர்க்கரைப் பொங்கலாகவோ மாற்றிவிடுகிறோம். இதை இலையைப் பார்த்த பிறகு ஒரு பாட்டி சொல்லி, மண்டபமே பரபரப்பாவதைவிட முன்பே கேட்பது நல்லது.

முன்பணத்தைப் பற்றிக் கடைசியாகப் பேசுகிறோம், ஏனென்றால் தலைக்கணக்கும் உணவும் முடிவாகும் வரை தொகை எவ்வளவு என்றே சொல்ல முடியாது. உணவுத் தொகையில் ஏறக்குறைய கால் பங்கை, 500-இன் மடங்காகக் குறைத்து, முன்பணமாகக் கேட்கிறோம். முழு இலை 350 ரூபாய், அரை இலை 175 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 54 பெரியவர்களுக்கும் 10 பிள்ளைகளுக்கும் 20,650 ரூபாய் ஆகும். முன்பணம் 5,000 ரூபாய். பேசிய நாளுக்கு மறுநாள் மாலை 6 மணி வரை முன்பணம் இல்லாமலே ஹாலை உங்களுக்காக நிறுத்திவைப்போம். அதற்குப் பிறகு அடுத்து அழைப்பவருக்குக் கொடுத்துவிடுவோம். முகூர்த்த நாளில் வாய்ச்சொல்லை நம்பி ஹாலை வைத்திருந்தால், ஒரே குடும்பம் மூன்று இடங்களில் சொல்லி வைத்திருப்பது கடைசி நாளில்தான் தெரியவருகிறது.

முன்பணத்தைக் கவுண்டரில் கொடுத்து ரசீது பெறலாம், அல்லது யு.பி.ஐ. வழியாக அனுப்பலாம். அனுப்பும் முன் திரையில் உணவகத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தனிமனிதர் பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம். எங்கள் ஊழியர் யாரும் தம் சொந்த எண்ணுக்குப் பணம் கேட்கமாட்டார்கள், ஓ.டி.பி.யோ பின் எண்ணோ கேட்கமாட்டார்கள். நாங்கள் பணத்தைத் திருப்பித் தரும்போதும் நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவோ பின் எண் அழுத்தவோ தேவையில்லை.

விசேஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இறுதிக் கணக்கைச் சொல்ல வேண்டும். அன்று மாலையே காய்கறிக்குச் சொல்லிவிடுவதால், அதற்குப் பிறகு ஐந்து இலை கூடினால் சமாளிப்போம்; அதற்கு மேல் கூடினால் உறுதி தர இயலாது. குறைந்தால், சொன்ன இலைகளில் பத்தில் ஒரு பங்கு வரை குறைத்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை 50 பெரியவர்கள் என்று உறுதி செய்து 47 பேர் வந்தால் 47 இலைக்கே பில் போடுவோம். 42 பேர் வந்தால் 45 இலைக்குப் போடுவோம். 47 பெரியவர்களுக்கும் 10 பிள்ளைகளுக்கும் 18,200 ரூபாய், அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 910 ரூபாய், ஆக 19,110 ரூபாய். முன்பணம் போக அன்று கொடுக்க வேண்டியது 14,110 ரூபாய். பில்லில் சேவைக் கட்டணம் எதையும் நாங்கள் சேர்ப்பதில்லை. பரிமாறியவர்களுக்கு நீங்கள் விரும்பிக் கொடுப்பது உங்கள் விருப்பம்.

விசேஷத்துக்கு ஏழு நாள் முன்புவரை ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அதன் பிறகு இறுதிக் கணக்குச் சொல்லும் நேரம் வரை பாதி கிடைக்கும், அதற்கும் பிறகு கிடைக்காது. குடும்பத்தில் துக்கம் நேர்ந்து விசேஷத்தைத் தள்ளிப்போட நேர்ந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. முன்பணம் முழுவதையும் வேறொரு தேதிக்கு மாற்றிக்கொடுப்போம், அதற்கு அத்தாட்சி கேட்கவும் மாட்டோம்.

பேசி முடிக்கும் முன், தேதி, மூன்று நேரங்கள், இலைக்கணக்கு, உணவு வரிசை, தவிர்க்க வேண்டியவை, முன்பணம் ஆகியவற்றை ஊழியர் மறுபடியும் உங்களுக்கு வாசித்துக்காட்டுவார், பிறகு அதையே வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதில் ஏதேனும் மாறியிருந்தால் அன்றே பதில் அனுப்புங்கள். சமையலறைப் பலகையில் எழுதப்படுவது அந்தச் செய்தியில் உள்ளதுதான். பதிவுக்காக அழைப்பவர்கள் காலை 10 முதல் 11.30 வரை, அல்லது மாலை 4 முதல் 6 வரை அழைத்தால், பந்திக்கு நடுவில் ஓடிவந்து பேசாமல் நிதானமாகக் கேட்டு எழுத எங்களால் முடியும்.

இப்படிக்கு,
உணவக நிர்வாகம்